நகக் கீறலின் கீழ் பச்சையா, மஞ்சளா? வெள்ளவத்தை சப்போட்டா, மூன்று படங்கள்

வெள்ளவத்தை மலர் | சனி, இரவு 7.40

எங்கள் வளவில் மதிலோரம் ஒரு ஒட்டுச் சப்போட்டா நிற்கிறது. இந்த முறை கிளை தாழக் காய்த்திருக்கிறது. சென்ற மாதம் பெரிய காய்களாகப் பார்த்துப் பதினொன்று பறித்து அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தேன். ஐந்து மட்டும் பழுத்தன. மற்ற ஆறும் பத்து நாளில் தோல் சுருங்கி, ஒரு பக்கம் மெத்தென்றும் மறுபக்கம் கல்லாகவும் நின்றன. வெட்டி வாயில் வைத்தால் துவர்ப்பு, உதடெல்லாம் பசை. அம்மாவுக்குப் பிடித்த பழம் என்பதால் ஆறையும் குப்பையில் போட்டபோது மனம் கேட்கவில்லை.

இன்று மாலை மரத்திலேயே மூன்று காய்களை நகத்தால் கீறிப் படம் எடுத்திருக்கிறேன். அடையாளத்துக்கு மூன்றின் காம்பிலும் வெள்ளை நூல் கட்டியிருக்கிறேன். முதல் காய்தான் பெரியது, டெனிஸ் பந்தளவு இருக்கும். கீறல் நல்ல தவிட்டு நிறம். இரண்டாவது காய் சமையலறை யன்னலுக்கு நேரே தொங்குகிறது. கீறல் மஞ்சளாகத் தெரிகிறது. மூன்றாவது கோழி முட்டையை விடச் சற்றுப் பெரியது, இலை மறைவில் இருக்கிறது. கீறல் பச்சை கலந்தது போல் இருக்கிறது.

எதைப் பறிக்கலாம்? வௌவால் வரத் தொடங்கிவிட்டது, அதிக நாள் விட முடியாது.

தெகிவளை ரவி | சனி, இரவு 8.05

அக்கா, கீறலுக்குக் கீழே பச்சை இருந்தால் காய் முற்றவில்லை, மஞ்சளோ தவிட்டு நிறமோ இருந்தால் முற்றிவிட்டது. எங்கள் வீட்டில் அப்பா இப்படித்தான் பார்ப்பார். அதன்படி முதல் காயை நாளைக்கே பறியுங்கள், இரண்டாவதையும் பறிக்கலாம். மூன்றாவதை விட்டுவிடுங்கள். அது அளவிலும் சிறியது.

கொட்டாஞ்சேனை பாத்திமா | சனி, இரவு 8.30

நானும் இதில் ஏமாந்திருக்கிறேன். கடையில் பளபளவென்று உருளைக்கிழங்கு போல மொழுமொழுப்பாக இருந்தவற்றை ஒரு கிலோ வாங்கினேன். நான்கு நாள் வைத்தும் பாதி பழுக்கவில்லை. மருந்து அடித்துப் பழுக்க வைத்தார்களோ என்று எனக்குச் சந்தேகம். வாங்கும்போது கையால் அழுத்திப் பார்த்து, மெத்தென்று இருப்பதை மட்டும் எடுங்கள்.

கன்றுப்பந்தல் | சனி, இரவு 9.15

பாத்திமா சகோதரி, நீங்கள் சொல்வது வாங்கும் பழத்தின் கதை. மலர் கேட்பது மரத்தில் தொங்கும் காயைப் பற்றி. அழுத்திப் பார்ப்பது இங்கே உதவாது. சப்போட்டா முற்றிய பின்னும் மரத்தில் கல்லாகவே இருக்கும். பறித்த பிறகுதான் இளகும். ஆனால் உங்கள் அனுபவத்திலும் ஒரு பாடம் இருக்கிறது, பின்னர் அதற்கு வருகிறேன்.

மலர், நான் முப்பது ஆண்டுகளாக ஒட்டுக் கன்று போடுகிறவன். ரவி சொன்ன விதி சரியானதுதான். அந்த விதியை இந்தப் படங்களில் வைத்துப் பார்ப்பதில்தான் எனக்குத் தயக்கம். அதனால் ஒரு கேள்வி. முதல் காயைக் கீறியதற்கும் படம் எடுத்ததற்கும் இடையில் எவ்வளவு நேரம்?

வெள்ளவத்தை மலர் | சனி, இரவு 9.22

ஐயா, கீறியவுடன் அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே ஓடிவிட்டேன். திரும்பி வந்து எடுக்க இருபது நிமிடமாவது ஆகியிருக்கும். மற்ற இரண்டையும் கீறிய கையோடு எடுத்தேன்.

கன்றுப்பந்தல் | சனி, இரவு 9.50

அப்படித்தான் நினைத்தேன். முதல் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கீறலின் இரு விளிம்பிலும் பால் உறைந்து மங்கலான கரை கட்டியிருக்கிறது. புதிதாகக் கீறிய இடத்தில் பால் ஈரமாக, வெள்ளையாக மினுங்க வேண்டும். அந்தத் தவிட்டு நிறம் காயின் சொந்த நிறம் அல்ல. கத்தரிக்காயை வெட்டி வைத்தால் கறுக்கிறதல்லவா, அதே வேலைதான் இங்கும் நடந்திருக்கிறது. துவர்ப்புச் சத்து நிறைந்த காயைக் கீறிக் காற்றுப் பட விட்டால் பச்சைக் கீறலும் சிறிது நேரத்தில் தவிட்டு நிறமாகிவிடும். பிஞ்சிலும் செங்காயிலும் துவர்ப்பு அதிகம். ஆகவே தாமதித்து எடுத்த படம், பிஞ்சைத்தான் முற்றிய காய் போலக் காட்டி ஏமாற்றும்.

கீறிய ஒரு நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால், கசிந்த பாலை ஒரு துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கீறலின் மேல் வெள்ளைப் பால் படர்ந்திருந்தால் கரும்பச்சை கூட இளமஞ்சள் போல வெளிறித் தெரியும்.

இன்னொன்று, ஆழம். பச்சை இருப்பது தோலை ஒட்டிய மெல்லிய படலத்தில்தான். மேலே உள்ள பொடியும் அதன் கீழ்த் தவிட்டுத் தோலும் மட்டும் போகும்படி நகத்தைக் கிடையாகச் சாய்த்துச் சுரண்ட வேண்டும். கத்தி முனையால் குத்தினால் பச்சைப் படலத்தைத் தாண்டிச் சதைக்குப் போய்விடுவீர்கள். முற்றாத காயின் சதையும் வெளிறியதுதான். அதைப் படத்தில் பார்ப்பவர் மஞ்சள் என்று எண்ணிவிடுவார்.

தெகிவளை ரவி | சனி, இரவு 10.05

ஐயா, கறுப்பதை நான் கவனித்ததே இல்லை. அப்பா மரத்தடியிலேயே கீறி உடனே பார்த்துவிடுவார், அதனால் அவருக்கு இந்தத் தொல்லை வந்திருக்காது. படத்தில் பார்ப்பது வேறு என்று இப்போது விளங்குகிறது. ஆனால் இரண்டாவது படம் கீறிய கையோடு எடுத்தது. அது மஞ்சள்தானே?

பம்பலப்பிட்டி அருண் | சனி, இரவு 10.40

மரம் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, படம் எடுப்பது என் தொழில். இரண்டாவது படத்தில் கீறலைப் பார்க்காதீர்கள், காம்பில் கட்டிய நூலைப் பாருங்கள். மலர் அக்கா வெள்ளை நூல் கட்டியதாக எழுதியிருக்கிறார். படத்தில் அது வெண்ணெய் நிறத்தில் இருக்கிறது. யன்னல் வழியே வரும் மின்குமிழ் வெளிச்சம்தான் காரணம். வெள்ளை நூலே மஞ்சளாகத் தெரியும் வெளிச்சத்தில் இளம்பச்சைக் கீறலும் மஞ்சளாகத்தான் தெரியும்.

மூன்றாவது படத்தில் இதற்கு நேர் எதிர். அங்கே நூலில் பச்சைச் சாயல் இருக்கிறது. அடர்ந்த இலைகளுக்கு நடுவே விழும் வெளிச்சம் இலையை ஊடுருவி வருவதால் எல்லாவற்றின் மேலும் பச்சை பூசிவிடும். கல்யாணப் படங்களில் மாமரத்தடியில் நிற்பவர்களின் முகம் பச்சை தட்டுவது இதனால்தான். ஆகவே மூன்றாவது காயின் பச்சையை நான் நம்பமாட்டேன்.

கைபேசி நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் என்று சொல்வார்கள். காயைச் சுற்றி முழுவதும் இலையோ தவிட்டு நிறப் பலகையோ இருந்தால் அதற்கு எது வெள்ளை என்று தெரியாமல் தடுமாறும். காயோடு ஒட்டினாற்போல் ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டை வைத்து எடுங்கள். படத்தில் கடதாசி வெள்ளையாக இருந்தால் மட்டும் கீறலின் நிறத்தைப் பேசுவோம். காலை எட்டு, ஒன்பது மணிக்குத் திறந்த நிழல் போதும். பிளாஷ் வேண்டாம், அது தோலின் சொரசொரப்பையே அழித்துவிடும்.

கன்றுப்பந்தல் | ஞாயிறு, காலை 5.55

தம்பி அருண் சொன்னதை நான் இத்தனை ஆண்டும் யோசித்ததில்லை. கன்று வாங்கியவர்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்கும்போது எனக்கு ஏன் அடிக்கடி தவறுகிறது என்பதற்கு விடை கிடைத்தது.

சொரசொரப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பாத்திமா சகோதரிக்கும் இது பதில். காயின் மேல் தவிடு தூவியது போல ஒரு பொடி இருக்கும். இளங்காயில் அது தோலோடு இறுகப் பிடித்திருக்கும், தேய்த்தால் வராது. முற்ற முற்ற அது தளர்ந்து தானே உதிர்ந்து, தோல் உருளைக்கிழங்கு போல மழமழப்பாகும். இதை வைத்துத்தான் மரத்தடியில் முதல் கணிப்பு. ஆனால் விற்பனைக்குப் போகும் காயைப் பல இடங்களில் தண்ணீரில் கழுவி, சாக்கால் தேய்த்துப் பாலையும் பொடியையும் நீக்கிவிடுவார்கள். அதன் பிறகு பிஞ்சும் முற்றியதும் ஒரே மழமழப்பு. கடையில் நீங்கள் பார்த்த பளபளப்பு சாக்கு கொடுத்ததாக இருக்கலாம். மருந்துதான் காரணம் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. முற்றாமல் பறித்தாலே அப்படித்தான் நிற்கும்.

மரத்துக் காயிலும் நல்ல மழை இரண்டு நாள் அடித்தால் தளர்ந்த பொடி கழுவிப் போகும், ஈரத்தோல் கறுத்தும் தெரியும். அதனால் காயின் படம் மட்டும் போதாது. காய்ந்த கட்டைவிரலால் காயின் இடுப்பில் நான்கு முறை தேயுங்கள். பிறகு தேய்த்த இடத்தையும் விரலையும் சேர்த்துப் படம் எடுங்கள். பொடி உதிர்கிறதா, பிடித்திருக்கிறதா என்பதை விரல்தான் சொல்லும்.

வெள்ளவத்தை மலர் | ஞாயிறு, காலை 9.30

மூன்றையும் திரும்ப எடுத்திருக்கிறேன். அச்சிடும் கடதாசியை நான்காக மடித்துப் பக்கத்தில் பிடித்தேன். தம்பி பிடித்துக்கொண்டு நின்றான், நான் கீறித் துடைத்து உடனே எடுத்தேன்.

எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. நேற்றுத் தவிட்டு நிறமாக இருந்த முதல் காயில் இன்று பக்கத்திலேயே புதிதாகக் கீறினேன். பட்டாணிக் கடலையின் பச்சை! கண் முன்னாலேயே அது மங்கத் தொடங்கியது. இரண்டாவது காய் மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை. ஊறுகாய் போட்ட எலுமிச்சந்தோல் போல ஒரு நிறம். மூன்றாவது காய் இளந்தவிடு, ஓரத்தில் மஞ்சள். பச்சை துளியும் இல்லை.

விரல் படமும் வைத்திருக்கிறேன். முதல் காயில் தேய்த்த விரல் சுத்தமாக இருக்கிறது. இரண்டாவதில் கொஞ்சம் பொடி. மூன்றாவதில் ரேகைக்குள் எல்லாம் தவிட்டுப் பொடி ஏறிவிட்டது, அந்த இடத்துத் தோல் வழவழப்பாகிவிட்டது.

கன்றுப்பந்தல் | ஞாயிறு, காலை 10.10

மூன்றாவதைப் பறியுங்கள். அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம். சப்போட்டா ஒரே நேரத்தில் பூத்து ஒரே நேரத்தில் முற்றும் மரம் அல்ல. பூவும் பிஞ்சும் முற்றிய காயும் ஒரே கிளையில் இருக்கும். சிறிய காய் முந்திப் பூத்ததாக இருக்கலாம். சென்ற மாதம் நீங்கள் பெரிதாகப் பார்த்துப் பறித்ததில்தான் ஆறும் வெம்பிப் போயிருக்கின்றன.

முதல் காய்க்கு இன்னும் வாரக்கணக்கு இருக்கிறது. கீறிய இடம் தழும்பாகி ஆறிவிடும், ஆனால் திரும்பத் திரும்பக் கீறாதீர்கள். புண்ணில் பழ ஈ முட்டை வைக்கும். ஒரு கடதாசிப் பையால் மூடிக் கட்டுங்கள், வௌவாலுக்கும் அது தடை.

இரண்டாவதுதான் சிக்கல். நான் என்றால் இரண்டு வாரம் விட்டுப் பார்ப்பேன்.

யாழ் முற்றம் | ஞாயிறு, பகல் 12.15

எங்கள் ஊரில் வாழைக்குலைக்குப் புகை போடுவது போல் இதற்கும் போட்டால் எல்லாம் பழுத்துவிடும். சிறுவயதில் பாலைப்பழம் பொறுக்கி வாயெல்லாம் பால் ஒட்டிக்கொண்டு வீடு வந்தவன் நான். அந்தப் பசைக்கு விரலில் எண்ணெய் தொட்டு உதட்டைத் துடைப்பார் அம்மம்மா. சப்போட்டாவின் பாலைப் பார்க்கும்போது அந்த நினைவு வருகிறது.

கன்றுப்பந்தல் | ஞாயிறு, பகல் 1.00

நினைவு வருவதில் வியப்பில்லை, பாலையும் சப்போட்டாவும் நெருங்கிய உறவு. பாலைக் கன்றின் மேல்தான் சப்போட்டாவை ஒட்டுகிறோம். மலரின் மரமும் ஒட்டு என்றால், அடியில் நிற்பது பெரும்பாலும் பாலை வேராகத்தான் இருக்கும்.

புகை, அரிசி வாளி எல்லாம் முற்றிய காயை ஒரு நாள், இரண்டு நாள் முந்திப் பழுக்க வைக்கும். முற்றாத காய்க்குள் சேராத இனிப்பைப் புகையால் கொண்டுவர முடியாது. அது மெத்தென்று ஆகலாம், துவர்ப்பும் பசையும் அப்படியே நிற்கும்.

வெள்ளவத்தை மலர் | திங்கள், காலை 7.05

மூன்றாவது காயை இன்று காலை ஆறரைக்குக் கொக்கத்தடியால் பறித்தேன். இரவு இடியோடு நல்ல மழை. காம்பு சுலபமாகக் கழன்றது, ஆனால் பால் வெள்ளையாக வழிந்து விரலில் ஒட்டியது. முற்றிய காயில் பால் வராது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தவறிவிட்டேனா? இரண்டாவது காயில் வௌவால் நகக் கீறல் இருந்ததால் பயந்து அதையும் பறித்துவிட்டேன், அதில் பால் இன்னும் அதிகம்.

அவிசாவளை மைந்தன் | திங்கள், காலை 8.20

அக்கா, இதில் மட்டும் நான் பேசலாம் என்று நினைக்கிறேன். என் அம்மா இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியும் முன்னே மலைக்குப் போய்விடுவார். ஏன் இவ்வளவு காலையில் என்று கேட்டால், வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பார். இரவில் மரம் தண்ணீர் குடித்து நிறைந்திருக்கும்போது பால் நாளங்களில் அழுத்தம் அதிகம். வெயிலில் இலை வழியாகத் தண்ணீர் போனதும் அழுத்தம் குறைந்து ஒழுக்கும் குறையும். மரம் வேறு என்றாலும் பால் ஓடும் முறை இதுதான் என்று நினைக்கிறேன். மழை பெய்த மறுநாள் ஆறரை மணிக்கு ஒடித்தால் முற்றிய காயும் பால் விடலாம். உச்சி வெயிலில் ஒடித்தால் பிஞ்சு கூடப் பால் குறைந்தது போல நடிக்கும்.

கன்றுப்பந்தல் | திங்கள், காலை 9.00

நன்றி தம்பி. நான் பாலைக் கடைசிச் சாட்சியாகத்தான் வைத்திருக்கிறேன், அதற்கான காரணத்தை உங்கள் அம்மா சொல்லியிருக்கிறார். முற்ற முற்றப் பால் குறைவது உண்மைதான். ஆனால் ஒரு காயின் பாலை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரே காலையில், ஒரே மரத்தில் பறித்த இரண்டு காய்களை ஒப்பிட்டால் பயன் உண்டு. காம்பைக் கழற்றியதும் காயைத் தலைகீழாக வெள்ளைக் கடதாசியில் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். கடதாசியில் விழுந்த பால் வட்டங்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தால் எது கூட, எது குறைவு என்று தெரியும். மலர், மூன்றாவதில் குறைவாக வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கவலை வேண்டாம். இரண்டையும் கழுவித் துடைத்து, வெளியிலேயே வையுங்கள். கல்லாக இருக்கும் காயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அது பழுக்க மறந்துவிடும்.

வெள்ளவத்தை மலர் | அடுத்த புதன், இரவு 8.15

ஒன்பது நாள் கழித்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது காய் ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, முழுவதும் ஒரே சீராக இளகியது. வெட்டிய படம் வைத்திருக்கிறேன். சதை செந்தவிட்டு நிறம், இரண்டு விதைகள், இரண்டும் கறுத்துப் பளபளக்கின்றன. அம்மா கரண்டியால் தோலோடு வழித்துச் சாப்பிட்டுவிட்டு, மற்றதும் இப்படித்தான் இருக்குமா என்று கேட்டார்.

மற்றது அப்படி இல்லை. இரண்டாவது காயை இன்று, ஒன்பதாம் நாள் வெட்டினேன். நுனிப்பக்கம் இனிப்பாக, பழமாகவே இருக்கிறது. காம்புப் பக்கம் ஒரு விரற்கடை அளவுக்கு வெளிறி, கடித்தால் நறுக்கென்று, பசை ஒட்டியது. விதை ஒன்றுதான். அது பாதி கறுப்பு, பாதி வெளிறிய தவிடு. முதல் காய் பைக்குள் மரத்தில் இருக்கிறது.

தெகிவளை ரவி | புதன், இரவு 8.50

அக்கா, இரண்டாவது காயை எந்த இடத்தில் கீறினீர்கள்? நுனிப்பக்கமா, காம்புப் பக்கமா? நுனி முந்திப் பழுத்திருக்கிறது என்றால், நுனியில் கீறிய படம் நம்மை ஏமாற்றியிருக்கும் அல்லவா?

வெள்ளவத்தை மலர் | புதன், இரவு 8.58

இடுப்புக்குச் சற்றுக் கீழே, நுனிப்பக்கமாக. கை எட்டியது அங்கேதான்.

கன்றுப்பந்தல் | புதன், இரவு 9.30

ரவி கேட்டது நல்ல கேள்வி. நான் எப்போதும் இடுப்பில்தான் கீறுவேன், காம்புத் தோளில் கீறிப் பார்த்ததில்லை. ஒரு காயை வைத்து நுனிதான் முந்தும் என்று சொல்ல மாட்டேன். வெயில் பட்ட பக்கம், நிழல் பக்கம் என்ற வேறுபாடும் இருக்கலாம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். என்னிடம் விதையில் முளைத்த ஒரு தாய்மரம் இருக்கிறது. அதன் காய் பொடியெல்லாம் உதிர்ந்து, பறித்த ஐந்தாம் நாள் தேனாக இளகும், ஆனால் பறிக்கும் நாளில் கீறினால் பச்சைதான் தெரியும். அந்த மரத்துக்கு இந்த விதி பொருந்தாது. உங்கள் மரம் அப்படிப்பட்டது அல்ல என்று மூன்றாவது காய் காட்டிவிட்டது.

பம்பலப்பிட்டி அருண் | புதன், இரவு 9.45

மலர் அக்கா, முதல் காயை அடுத்த முறை பார்க்கும்போது தோளிலும் நுனியிலும் ஒவ்வொரு சிறு கீறல், இரண்டும் ஒரே படத்தில், கடதாசியோடு. இரண்டு படமாக எடுத்தால் வெளிச்சம் மாறிவிடும், ஒப்பிட முடியாது.

வெள்ளவத்தை மலர் | புதன், இரவு 9.52

சரி தம்பி. ஞாயிறு காலை மழை இல்லையென்றால் பையை அவிழ்க்கிறேன். மரத்தில் இன்னும் பதினாறு காய்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் முதலில் விரலால் தேய்த்து, பொடி உதிர்பவற்றை மட்டும் கீறுகிறேன்.